காதில் விழுந்த சொல்லை அகராதியில் பிடிப்பது எப்படி? கேள்வி பதில்

பல வருடங்களாக மெய்ப்புத் திருத்தும் வேலை பார்க்கிறேன். அகராதியும் கையுமாகத்தான் பொழுது போகிறது. தமிழ்ச் சொற்களைக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என் பாட்டி "பொரணி பேசாதே" என்பார். "பொ" பகுதி முழுக்கப் புரட்டிவிட்டேன், இல்லை. அப்படி ஒரு சொல்லே கிடையாதா?

இருக்கிறது, பக்கம்தான் தப்பு. பேச்சில் சொல்லின் முதல் உகரம், அடுத்து அ, ஆ, ஐ வந்தால் ஒகரமாகச் சரிந்துவிடும். உடம்பு "ஒடம்பு" ஆகும், புகை "பொகை" ஆகும். இகரமும் அப்படித்தான். இடம் "எடம்", இலை "எல". அதனால் "பொ" காதில் விழுந்தால் "பு"வையும் பார்க்க வேண்டும். ப, ம, வ போல உதட்டில் பிறக்கும் எழுத்து முதலில் இருந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. பெட்டி "பொட்டி" ஆவது போல, "பெ"கூட "பொ" ஆகியிருக்கலாம்.

ஆக முதலெழுத்துக்குப் பு, பொ, பெ என்று 3. நடுவில் ர அல்லது ற. கடைசியில் ணி அல்லது னி. மொத்தம் 12 எழுத்துக்கூட்டல்கள். பயப்பட வேண்டாம், பன்னிரண்டையும் தேட வேண்டியதில்லை. அடுத்த எழுத்து அகரமாக இருப்பதால் "பு"வில் தொடங்குங்கள். "புர" பக்கத்தில் "புரளி" கண்ணில் படும். வதந்தி என்று பொருள், கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று தோன்றும். அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் பாட்டி சொன்னது "ளி" இல்லை, "ணி". புல, புவ, புழ, புள எல்லாம் தாண்டி "புற"வுக்குப் போங்கள். புறணி கிடைக்கும்.

சொல் கிடைத்ததும் முதல் பொருளோடு அகராதியை மூடிவிடாதீர்கள். மரப்பட்டை, மேல்தோல் என்பதும் புறணிதான். ஒருவர் முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கு இன்னும் கொஞ்சம் கீழே படிக்க வேண்டியிருக்கலாம். "புறம்" என்ற சொல்லை நினைத்துக்கொண்டால் ற-வும் மறக்காது.

கேள்வி: ர, ற குழப்பம் வந்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்திலும் தேடத்தான் வேண்டுமா அக்கா?

பல சமயம் வேண்டாம். சொன்னவரிடமே அதே சொல்லை வேறு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். "கயிறு" என்பதில் என்ன ர என்று தெரியவில்லையா? "கயித்துல கட்டு" என்கிறார்களே, அந்த "த்து" எழுத்தில் "ற்று". கயிற்றில். அப்படியானால் அது ற. கிணறு "கிணத்துல", வயிறு "வயித்துல" எல்லாம் இதே கதை. ஊர் "ஊருல"தான், ஒருநாளும் "ஊத்துல" ஆகாது.

இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வெட்டும். "த்து" வந்தால் ற உறுதி. வராவிட்டால் ர என்று முடிவுகட்ட முடியாது. ஓடுகிற ஆறு "ஆத்துல" என்று காட்டிக்கொடுக்கும், ஆனால் எண் ஆறு "ஆறில்" என்றே நிற்கும். அதுவும் ற-தான். இன்னொன்று, மரம் "மரத்துல" என்பதில் வரும் "த்து" வேறு, அது மகரம் போனதால் வந்தது. சொல் று, ரு என்ற ஒலியில் முடிந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: "ள்ள" என்று அழுத்திக் கேட்டால் ல்ல, ள்ள, ழ்ழ மூன்றையும் தேட வேண்டும், சரியா?

பாதி சரி. ழ தமிழில் இரட்டிக்காது, அதனால் ழ்ழ தேவையில்லை. ல்ல, ள்ள இரண்டு போதும். ரகரமும் இரட்டிக்காது. அழுத்தமான "ற்ற" எழுத்தில் உண்டு, பேச்சில் அது "த்த" ஆகிவிடும்: காத்து, நேத்து.

கேள்வி: மாடு "மெரண்டு போச்சு" என்றார்கள். "மெரண்டு" அகராதியில் இல்லை. "மெரல்" என்று தேடினாலும் இல்லை.

இரண்டு தடங்கல். முதலாவது, அகராதியில் "மெரண்டு" தலைச்சொல்லாக இருக்காது, வினையின் அடியைத் தேட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் வினையை அடியோடு தல், த்தல் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள், அதில் ஏமாறக் கூடாது. இரண்டாவது, அந்த அடி என்ன என்பதை "ண்டு"வே சொல்கிறது. இறந்த காலத்தில் ண்ட வந்தால் அடி பெரும்பாலும் ள், ட்ட வந்தாலும் ள் ஆக இருக்கலாம்: உருண்டான் உருள், ஆண்டான் ஆள், கேட்டான் கேள். ன்ற வந்தால் ல்: நின்றான் நில், சுழன்றான் சுழல். பேச்சில் "நின்னான்" என்றே கேட்கும், அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். ழ் பொதுவாக உருமாறாமல் அப்படியே இருக்கும், வாழ்ந்தான் போல.

ஆக மெரள். அடுத்து அகரம் வருவதால் மெ என்பதை மி ஆக்கினால் மிரள். ர-வா ற-வா என்று இரண்டு இடம் பார்க்கலாம், முதல் இடத்திலேயே கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: "போட்டான்" என்பதன் அடி போடு. ட்ட கேட்ட உடனே "போள்" என்று தேடிவிடாதீர்கள்.

கேள்வி: ண, ன, ந மூன்றுக்கும் ஒலி வித்தியாசம் எனக்குக் கேட்பதில்லை. என்ன செய்வது?

சொல்லின் தொடக்கத்தில் என்றால் ந மட்டும்தான். நடுவில் பக்கத்து எழுத்தே முடிவு செய்யும்: த வந்தால் ந், ட வந்தால் ண், ற வந்தால் ன். உயிரெழுத்து ஒலிகளுக்கு நடுவிலும், இரட்டிக்கும்போதும், சொல்லின் கடைசியிலும்தான் சிக்கல். மணம், மனம் இரண்டும் உண்டு. அங்கே பொருளைப் பார்த்துத்தான் முடிவு. ர, ல, வ, ழ, ள, ற, ன எல்லாம் அகரவரிசையின் கடைசியில் கூட்டமாக நிற்பதால் கொஞ்சம் புரட்டினால் போதும். ண மட்டும் தூரத்தில், ட-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: ழ-வைச் சரியாக உச்சரிக்க ஏதாவது பயிற்சி உண்டா?

அது வேறு வித்தை, எனக்குக் கைவராது. என் உச்சரிப்பைக் கேட்டு வீட்டில் சிரிப்பார்கள். தேடுவதற்கு ழ-வும் ள-வும் வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன, அது போதும்.

கேள்வி: கணினியில் சொற்பட்டியல் கோப்பு வைத்திருக்கிறேன். பன்னிரண்டையும் ஒரே தடவையில் தேட முடியுமா?

முடியும். வரிக்கு ஒரு சொல் இருக்க வேண்டும்.

```
grep -E '^(பு|பொ|பெ)(ர|ற)(ணி|னி)' words.txt
```

கேள்வி: இங்கிலீஷ் அகராதியில் நியுமோனியாவை "என்" எழுத்தில் தேடி அலுத்துவிட்டேன். அதற்கும் விதி உண்டா?

தமிழ்ச் சொற்கள் என்றேனே! சரி, சுருக்கமாக: "ந" ஒலிக்கு "என்" கீழே இல்லையென்றால் கே, ஜி, பி எழுத்துகளுக்குப் பின் "என்" வைத்துப் பாருங்கள். நியுமோனியா "பி"யில் இருக்கும்.

கேள்வி: "கறுப்பு"தான் சரி, "கருப்பு" தவறு என்று எங்கள் ஆசிரியர் சொல்லுவார். ஆனால் இரண்டையும் அச்சில் பார்க்கிறேன். எது சரி?

நிறம் என்றால் நான் கறுப்பு என்று திருத்துவேன், என்னோடு வேலை செய்யும் இன்னொருவர் கருப்பு என்று விட்டுவிடுவார். பல வருடமாக இந்தச் சண்டை ஓடுகிறது. பவளம், பவழம் இரண்டும் அகராதியில் உண்டு. உளுந்து, உழுந்து அதே மாதிரி. ஒன்றில் தேடி மற்றதுக்குப் போகச் சொன்னால், போய்ப் பாருங்கள்.

கேள்வி: நண்பர் "கொட" கொடுத்தார் என்றார். மழைக்கா, தானமா?

குடையும் கொடையும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. இதற்கு அகராதி உதவாது, அவரையே கேளுங்கள்.