வளைந்து போகும் விமானப் பாதை எப்படிக் குறுகியதாகிறது?

கேள்வி: நியூயார்க், மாட்ரிட் இரண்டுமே கிட்டத்தட்ட 40 டிகிரி வடக்கில்தான் இருக்கின்றன. நேர் கிழக்கே போனால் 5,939 கி.மீ. என்று எனக்குக் கணக்கு வருகிறது. ஆனால் இணையத்தில் 5,770-ஐ ஒட்டித்தான் போடுகிறார்கள். வரைபடத்தில் பாதை வடக்கே வளைந்து வேறு போகிறது. வளைந்த பாதை எப்படிக் குறையும்? எக்செல்லில் நானே கணக்குப் போட முடியுமா?

பதில்: உங்கள் 5,939 தப்பில்லை. அது இரண்டு ஊர்களுக்கும் சராசரியான சுமார் 40.6 டிகிரி அட்சரேகையை ஒட்டியே போனால் ஆகும் தூரம். ஆனால் அட்சரேகை என்பது உருண்டையின் மேல் நேர்கோடு அல்ல, அதுவும் ஒரு வட்டம்தான். பூமத்தியரேகையைத் தவிர மற்ற எல்லா அட்சரேகைகளும் பூமியின் மையத்தைச் சுற்றாத சின்ன வட்டங்கள். 40.6 டிகிரியில் அந்த வட்டத்தின் ஆரம் சுமார் 4,840 கி.மீ. பூமியின் சராசரி ஆரமோ 6,371 கி.மீ.

இப்போது இரண்டு ஊர்களுக்கும் இடையே பூமிக்குள்ளேயே நேராக ஒரு சுரங்கம் தோண்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 5,574 கி.மீ. அந்தச் சுரங்கத்தின் இரு முனைகளையும் தொட்டுக்கொண்டு பல வட்டங்கள் வரையலாம். ஆரம் சிறிதாக இருந்தால் வில் அதிகமாகப் புடைக்கும், நீளமும் கூடும். ஆரம் பெரிதானால் வில் சுரங்கத்தை நெருங்கிப் படுக்கும். பூமியின் மேற்பரப்பில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய ஆரம் பூமியின் ஆரமேதான். அந்த ஆரத்தோடு, பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தைத்தான் பெருவட்டம் என்கிறோம். 4,840 ஆரத்தில் வில் 5,939 கி.மீ., 6,371 ஆரத்தில் 5,769 கி.மீ. மிச்சம் 170 கி.மீ. உண்மையில் கூடுதலாக வளைவது நீங்கள் நேர் என்று நினைத்த பாதைதான். தட்டை வரைபடம் அட்சரேகைகளை எல்லாம் நேர்கோடாக இழுத்து வைத்திருப்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, அந்த 5,769 எப்படி வந்தது? பெருவட்டத்தில் எல்லாம் ஒரே ஒரு கோணத்தில் அடங்கிவிடும். பூமியின் மையத்திலிருந்து இரண்டு ஊர்களுக்கும் ஆளுக்கொரு கோடு இழுத்தால் அவற்றுக்கு இடையே உண்டாகும் மையக்கோணம் அது. அதை θ என்போம். θ-வை ரேடியனில் எடுத்து ஆரத்தால் பெருக்கினால் தூரம். டிகிரியில் இருந்தால், டிகிரிக்கு 111.19 கி.மீ. வீதம் பெருக்கினால் போதும்.

மையத்திலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் ஓரலகு வெக்டர் ஒன்றை எழுதி, இரண்டின் புள்ளிப் பெருக்கத்தைக் கண்டால் அதுவே cos θ. அட்சரேகைகள் φ₁, φ₂ என்றும், தீர்க்கரேகைகளின் வித்தியாசம் Δλ என்றும் வைத்துச் சுருக்கினால் கிடைப்பது:

```
cos θ = sin φ₁ · sin φ₂ + cos φ₁ · cos φ₂ · cos Δλ
```

நியூயார்க் 40.71° வடக்கு, 74.01° மேற்கு. மாட்ரிட் 40.42° வடக்கு, 3.70° மேற்கு. Δλ = 70.31°. முதல் பகுதி 0.6522 × 0.6484 = 0.4229. இரண்டாவது 0.7580 × 0.7613 × 0.3369 = 0.1944. கூட்டினால் cos θ = 0.6173. அதற்குரிய கோணம் 51.88°, ரேடியனில் 0.9054. 6,371-ஆல் பெருக்கினால் சுமார் 5,769 கி.மீ. (கையால் போடும்போது நாலு தசம இலக்கத்தோடு நிறுத்தினால் ஒன்றிரண்டு கி.மீ. முன்னே பின்னே வரும்.)

அந்தப் பாதையில் போகிற விமானம் நியூயார்க்கிலிருந்து நேர் கிழக்கே கிளம்பாது. வடக்கிலிருந்து சுமார் 66 டிகிரி திசையில், அதாவது வடகிழக்காகக் கிளம்பும். நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்குத் தெற்கே கடலைத் தாண்டி, நடு அட்லாண்டிக்கில் 46 டிகிரி வடக்கைத் தொட்டுவிட்டு, அப்புறம் தென்கிழக்காக இறங்கும். தினப்படி விமானங்கள் காற்றோட்டத்தைப் பார்த்து இதிலிருந்து கொஞ்சம் விலகிப் போவதும் உண்டு.

எக்செல்லில் B2, B3 கட்டங்களில் அட்சரேகையையும் C2, C3-இல் தீர்க்கரேகையையும் போட்டு இதை எழுதுங்கள்:

```
=6371*ACOS(SIN(RADIANS(B2))*SIN(RADIANS(B3))+COS(RADIANS(B2))*COS(RADIANS(B3))*COS(RADIANS(C2-C3)))
```

இதில் பெரும்பாலும் சறுக்குவது `RADIANS` விஷயத்தில்தான். எக்செல்லின் `SIN`, `COS` ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். டிகிரியை அப்படியே கொடுத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, 7,487 கி.மீ. என்று ஒரு விடை வரும். பார்க்க நம்பும்படியாக இருப்பதுதான் இதில் ஆபத்து. இங்கே உங்கள் 5,939 கைகொடுக்கிறது: அட்சரேகையோடு போகும் தூரத்தைவிடப் பெருவட்ட தூரம் கூடுதலாக வரவே முடியாது. பொதுவான சோதனை வேண்டுமென்றால் 0, 0 ஒரு ஊர், 0, 90 இன்னொரு ஊர் என்று கொடுத்துப் பாருங்கள். பூமத்தியரேகையில் கால் சுற்று, 10,007.5 கி.மீ. வர வேண்டும்.

மேற்கும் தெற்கும் மைனஸ் என்பதையும் மறக்கக் கூடாது. நியூயார்க், மாட்ரிட் இரண்டுமே மேற்கில் இருப்பதால் இரண்டிலும் குறியை விட்டாலும் விடை மாறாது. டெல்லியைப் (77.2° கிழக்கு) போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். நியூயார்க்குடன் வித்தியாசம் 151 டிகிரி வர வேண்டிய இடத்தில் 3 டிகிரி வரும். வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் மட்டும் கவலை வேண்டாம், cos அதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

ஊருக்குள் இருக்கும் இரண்டு இடங்களுக்கு இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துவதென்றால் யோசிக்க வேண்டும். 1 கி.மீ. தூரத்துக்கு cos θ-வின் மதிப்பு 0.9999999877. எட்டுத் தசம இலக்கத்தோடு நிற்கும் கால்குலேட்டரில் அது 0.99999999 ஆகி, தூரம் 0.90 கி.மீ. என்று வரும், நூறு மீட்டர் காணாமல் போய்விடும். எக்செல் அதிக இலக்கங்களை வைத்திருப்பதால் இவ்வளவு மோசமாகாது. ஆனால் ஒரே இடத்தை இரண்டு முறை கொடுக்கும்போது, cos θ மயிரிழையில் 1-ஐத் தாண்டி `#NUM!` வரக்கூடும். கிட்டத்து இடங்களுக்கு ஹாவர்சைன் சூத்திரம்தான் சரி. அது கோணத்தின் பாதிக்கு சைன் எடுப்பதால் சின்னத் தூரத்திலும் இலக்கங்கள் கரைவதில்லை:

```
sin²(θ/2) = sin²(Δφ/2) + cos φ₁ · cos φ₂ · sin²(Δλ/2)
```

இதில் Δφ என்பது அட்சரேகைகளின் வித்தியாசம்.

இவ்வளவு செய்தும் சில தளங்கள் உங்கள் விடையிலிருந்து பத்து இருபது கி.மீ. தள்ளிக் காட்டலாம். பூமி சரியான கோளம் இல்லை. பூமத்தியரேகையில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. எல்லாவற்றுக்கும் 6,371 என்று வைப்பதால் அரை சதவீதம் வரை பிழை வரும். இந்தத் தூரத்துக்கு அது சுமார் 29 கி.மீ. பயணத் தூரம் பார்க்க இதுவே தாராளம். நில அளவை மாதிரியான வேலை என்றால் WGS84 என்னும் நீள்வட்டக் கோள மாதிரியை வைத்துக் கணக்கிடும் மென்பொருளைத்தான் நம்ப வேண்டும்.