வணக்கத்தில் தொடங்கி எப்படிப் பேச்சுக் கொடுப்பது?

"ரொம்பக் கூச்சம் எனக்கு. அபார்ட்மெண்டில் யாரிடமும் பேச வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?"

முதல் வாரம் பேச்சே வேண்டாம், வணக்கம் மட்டும். தினமும் ஒரே நேரத்தில் பார்க்கிற, நிற்காமல் கடந்து போகக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வாசல் செக்யூரிட்டி அண்ணன் சரியான ஆள். லிஃப்ட் இப்போது வேண்டாம். வணக்கம் சொன்ன பிறகு கதவு திறக்கும்வரை மாட்டிக்கொள்வீர்கள்.

நாலைந்து அடி தூரத்திலேயே முகத்தைப் பார்த்து "வணக்கம்ணே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். கூச்சப்படுபவர்கள் பெரும்பாலும் ஆளைத் தாண்டும்போதுதான், அதுவும் தரையைப் பார்த்து முணுமுணுப்பார்கள். பதில் வராது. 'மதிக்கவில்லை' என்று மனசு கணக்குப் போடும். அநேகமாக அவர் காதிலேயே விழுந்திருக்காது. மறுநாள் கொஞ்சம் முன்னதாக, கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். போன் பாக்கெட்டில் இருக்கட்டும், கையில் இருந்தால் கண் தானாக அங்கே ஓடிவிடும்.

கேட்டை நெருங்கும்போது மனசுக்குள் ஒத்திகை ஓடுவது நின்றுவிட்டதா? அடுத்த படிக்குப் போகலாம். வணக்கத்தோடு, கண்ணெதிரே இருக்கிற ஒன்றைச் சேருங்கள்: "என்னண்ணே, இன்னிக்கு நைட் டியூட்டியா?" "ஆமா தம்பி" என்றால் "சரிண்ணே, வர்றேன்" என்று கிளம்பிவிடலாம். அவரே தொடர்ந்தால் மட்டும் நில்லுங்கள். அப்புறம் இதையே பக்கத்து வீட்டுக்காரரிடம். லிஃப்ட் கடைசியில்தான்.