சம்பளம் 30% கூடினால் ஊர் மாறலாமா?

கேள்வி: வேறு நகரத்தில் 30% கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வாடகை, போக்குவரத்து, சாப்பாடு, பள்ளிச் செலவை எப்படி ஒப்பிடுவது?

இப்போது பிடித்தம் போகக் கைக்கு வருவதை 100 என்று வையுங்கள். புதிய ஊரிலும் கைக்கு வருவதையே எடுங்கள். அது 130 என்றால், ஒரு குடும்பக் கணக்கு இப்படி இருக்கலாம்:

| | இப்போது | புதிய ஊர் |
|---|---|---|
| வாடகை | 25 | 42 |
| போக்குவரத்து | 6 | 10 |
| சாப்பாடு | 20 | 23 |
| பள்ளி | 12 | 20 |
| மிச்சம் | 37 | 35 |

சம்பளம் ஏறியும் மிச்சம் குறைகிறது. சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் வராது, அதில் மண்டையை உடைக்க வேண்டாம்.

வாடகையையும் போக்குவரத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தப்பு. தள்ளி வீடெடுத்தால் வாடகை 32, பயணம் 15 ஆகலாம். இரண்டும் சேர்ந்து 52-க்குப் பதில் 47, மிச்சம் 40. அந்த 5-க்காகத் தினமும் எத்தனை மணி நேரம் வண்டியில் போகும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

பள்ளியில் ஆண்டுக் கட்டணத்தை 12-ஆல் வகுத்து, வேன் செலவையும் சேருங்கள். சேர்க்கைக் கட்டணம், வீட்டு முன்பணம், சாமான் ஏற்றும் செலவு மூன்றும் ஒருமுறைச் செலவு. அவற்றை இந்த அட்டவணையில் கலக்காதீர்கள். அந்தத் தொகை 24 வந்தால், தள்ளி வீடெடுத்து மிச்சம் 37-லிருந்து 40 ஆகி, மாதம் 3 கூடுதலாக மிஞ்சும்போது அதை மீட்கவே 8 மாதம் ஆகும்.