அப்பா பெயருக்கு வந்த ‘செயல்படாத கணக்கு’ நோட்டீஸ்

கேள்வி: அப்பா இறந்து சில வருடங்கள் ஆகிறது. இப்போது அவர் பெயருக்கு, “உங்கள் கணக்கு செயல்படாத கணக்காகிவிட்டது, கேஒய்சி ஆவணங்களுடன் கிளைக்கு வரவும்” என்று வங்கிக் கடிதம் வந்திருக்கிறது. அவருடைய ஆதார், பான் கார்டைக் கொடுத்தால் கணக்கைத் திறந்துவிடுவார்களா? பணத்தை எடுக்க என்னென்ன வேண்டும்?

பதில்:

திறக்க மாட்டார்கள். நீங்களும் அப்படிக் கேட்க வேண்டாம். அந்தக் கடிதம், கணக்குக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்து கம்ப்யூட்டர் தானாக அச்சடித்தது. இரண்டு வருடத்துக்கு மேல் கணக்குக்காரர் செய்த வரவு செலவு எதுவும் இல்லையென்றால் இந்தக் கடிதம் வீட்டுக்கு வந்துவிடும். வங்கியே போடும் வட்டியும் பிடிக்கும் கட்டணமும் வரவு செலவாகக் கணக்கில் வராது. அப்பாவே இருந்திருந்தால் கேஒய்சி ஆவணம், ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருந்தால் மூன்று வேலை நாளில் உயிர்ப்பித்துத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்குக் கட்டணமும் கிடையாது.

உங்கள் விஷயம் வேறு. இறந்தவர் கணக்கை யாரும் உயிர்ப்பிக்க முடியாது. அதிலுள்ள பணத்தை உரிமை கோரி வாங்கிக்கொண்டு கணக்கை மூடத்தான் முடியும். வங்கியில் டெபாசிட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: வீட்டில் அவருடைய ஏடிஎம் கார்டு இருக்கிறது, பின் நம்பர் தெரியும் என்று ஐந்நூறு ரூபாய் எடுத்துப் பார்க்காதீர்கள். அவர் கையெழுத்தைப் போட்டு கேஒய்சி படிவமும் கொடுக்காதீர்கள். நாளைக்கு இறப்புச் சான்றிதழை நீட்டும்போது அதிலுள்ள தேதியையும் கணக்கிலுள்ள தேதியையும் ஒப்பிடுவார்கள். உங்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்கே நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

முதலில் பாஸ்புக்கைத் தேடி எடுங்கள். முதல் பக்கத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, கணக்கு அப்பா பெயரில் மட்டுமா, அம்மாவும் சேர்ந்து ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையிலா. இன்னொன்று, நாமினி பதிவாகியிருக்கிறதா. பாஸ்புக் இல்லாவிட்டால் கடிதத்தோடும் இறப்புச் சான்றிதழோடும் போய்க் கேட்டால் சொல்வார்கள். இந்த இரண்டு பதிலில்தான் உங்கள் அலைச்சல் எவ்வளவு என்பது அடங்கியிருக்கிறது.

நாமினியோ, கூட்டுக் கணக்கில் உயிரோடிருப்பவரோ இருந்தால் வேலை சுலபம். உரிமைகோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், வாங்குபவரின் அடையாள, முகவரி ஆவணம். தொகை எவ்வளவானாலும் வாரிசுச் சான்றிதழோ நீதிமன்ற ஆவணமோ பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் இழப்பை நானே ஈடுகட்டுகிறேன் என்று எழுதித்தரும் இழப்பீட்டுப் பத்திரமோ கேட்கக் கூடாது. ஆனால் நாமினி பணத்தை வாங்கும் ஆள் மட்டுமே. அம்மா நாமினி என்பதால் பிள்ளைகளின் பங்கு போய்விடாது. அதைக் குடும்பத்துக்குள் பேசிக்கொள்ள வேண்டும், வங்கி அதில் தலையிடாது.

நாமினி இல்லை என்றால்தான் காகிதம் கூடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பா பெயரில் மட்டும் கணக்கு, நாமினி இல்லை, இருப்பு வட்டியோடு 2,40,000 ரூபாய். வாரிசுகள் அம்மா, நீங்கள், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் தங்கை. பணத்தை அம்மா வாங்குவது என்று முடிவு. அப்படியானால் மேலே சொன்ன மூன்றோடு, அம்மா எழுதிக்கொடுக்கும் இழப்பீட்டுப் பத்திரம் ஒன்று. நீங்களும் தங்கையும் ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்திட்ட கடிதம். பிறகு வாரிசுகள் யார் யார் என்பதற்கு தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். அது கையில் இல்லாவிட்டால், குடும்பத்தை நன்றாகத் தெரிந்த, உறவினர் அல்லாத, வங்கி ஏற்றுக்கொள்ளும் ஒருவரின் உறுதிமொழி. இந்த எளிய வழி வணிக வங்கிகளில் 15 லட்சம் வரைக்கும், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரைக்கும் உண்டு. 2025 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு இது. “ஜாமீன்தாரரைக் கூட்டிக்கொண்டு வாங்க” என்று பழைய பழக்கத்தில் சொல்பவர்கள் இன்னும் உண்டு. இந்த வரம்புக்குள் மூன்றாம் மனிதரின் ஜாமீன் தேவையில்லை.

தங்கை கையெழுத்துப் போட மறுத்தால் இந்த வழி அடைபட்டுவிடும். பிறகு நீதிமன்றம்தான். படிவம் வாங்குவதற்கு முன்னால் தங்கையிடம் பேசிவிடுங்கள் என்பேன்.

கவுன்டரில் நான் பார்த்தவரை, விண்ணப்பங்கள் திரும்பி வருவது ஆவணம் குறைந்ததால் அல்ல, பெயர் ஒத்துப்போகாததால். நம் ஊர் இன்ஷியல் செய்கிற வேலை. பாஸ்புக்கில் ‘கே. ராமசாமி’, ஆதாரில் ‘ராமசாமி கருப்பையா’, இறப்புச் சான்றிதழில் வெறும் ‘ராமசாமி’. மூவரும் ஒருவர்தான் என்று உங்களுக்குத் தெரியும், காகிதம் சொல்லாது. நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தோடு, தகப்பனார் பெயரும் முகவரியும் உள்ள பழைய ஆவணம் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆட்சேபணை இல்லாக் கடிதத்திலும் தங்கை பெயர் அவருடைய ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு இன்ஷியல் மாறியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ரேஷன் கார்டை அடையாள ஆவணமாக நீட்டாதீர்கள். கேஒய்சிக்கு அது செல்லாது. ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒன்று வேண்டும்.

பத்து வருடமாக அசைவே இல்லாத கணக்கு என்றால் பணம் வங்கியிலிருந்து ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போயிருக்கும். போய்விட்டதே என்று பதற வேண்டாம், காலக்கெடு கிடையாது. மனு கொடுப்பது அதே வங்கியில், அதே ஆவணங்களோடுதான். வங்கி உங்களுக்குக் கொடுத்துவிட்டு நிதியிடம் வாங்கிக்கொள்ளும். சேமிப்புக் கணக்குத் தொகைக்கு நிதி இப்போது தருவது 3 சதவீதத் தனிவட்டி: 48,000 ரூபாய் போயிருந்தால் வருடத்துக்கு 1,440 ரூபாய். அப்பாவுக்கு வேறு வங்கியிலும் மறந்துபோன பணம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் udgam.rbi.org.in தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பெயரை ஒரே மாதிரி மட்டும் போடாமல் இன்ஷியலோடும் இல்லாமலும் தேட வேண்டும். கிடைத்தால் திரையில் UDRN என்று ஓர் எண் வரும், அதைக் குறித்துக்கொண்டு அந்த வங்கிக்குப் போங்கள். பணத்தை அந்தத் தளம் தராது. “எடுத்துத் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள்” என்று போன் செய்கிறவனும் தரமாட்டான்.

எல்லாவற்றையும் கொடுத்த அன்றைக்கே தேதியும் முத்திரையும் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆவணங்கள் முழுமையாகக் கிடைத்ததிலிருந்து 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது அதே 2025 உத்தரவு. அந்த நாளை எங்கிருந்து எண்ணுவது என்று தகராறு வந்தால் பேசப்போவது அந்த ரசீதுதான். இழுத்தடித்தால் முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனுக்குப் போடுங்கள், செலவில்லை.