கொத்தனார், கையாள், சித்தாள்: 4:3:2 பங்கு பிரிக்கும் கணக்கு

கேள்வி: "எங்க செட்டுல ரெண்டு கொத்தனார், ஒரு கையாள், ரெண்டு சித்தாள். கூலி 4:3:2ன்னு பேச்சு. மொத்தமா வாற பணத்தைப் பிரிக்கும்போது எல்லா சனிக்கிழமையும் தகராறு. சரியான கணக்கு என்ன?"

4:3:2 என்பது ஆளுக்கு ஆள் பேசிய பங்கு. கொத்தனார் கூட்டத்துக்கு 4, சித்தாள் கூட்டத்துக்கு 2 என்று பிரித்தால்தான் தகராறு வரும். மார்த்தாண்டம் பக்கம் எங்கள் செட்டின் நோட்டுப் புத்தகம் என் கைக்கு வந்த புதிதில் நானும் இந்தத் தப்பைச் செய்தேன்.

உங்கள் ஐந்து பேருக்கு ஒரு நாள் கூலியாக 4,500 ரூபாய் வந்தது என்று வையுங்கள். 4, 3, 2 மூன்றையும் கூட்டி 9 என்று எடுத்தால் ஒரு பங்கு 500. கொத்தனார்களுக்கு 2,000 வரும், இரண்டு பேர் பிரித்தால் ஆளுக்கு 1,000. கையாள் ஒரே ஆள் என்பதால் 1,500 முழுதும் அவருக்கே போய்விடும். கரண்டி பிடித்தவரைவிட சாந்து குழைத்தவருக்குக் கூடுதல்! சித்தாளுக்கு ஆளுக்கு 500தான். அன்று எங்களோடு நின்ற அக்கா, "எனக்க மிச்சம் எங்க போச்சு தம்பி?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒவ்வொரு ஆளின் பங்கையும் கூட்ட வேண்டும். இரண்டு கொத்தனாருக்கு 8, கையாளுக்கு 3, இரண்டு சித்தாளுக்கு 4, ஆக 15. 4,500ஐ 15 ஆல் வகுத்தால் ஒரு பங்கு 300. கொத்தனாருக்கு 1,200, கையாளுக்கு 900, சித்தாளுக்கு 600. பிரித்து முடித்ததும் ஒரு கொத்தனார் கூலியில் பாதி ஒரு சித்தாள் கூலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எங்கோ பிசகியிருக்கிறது.

மொத்தமாகப் பேசி எடுக்கும் பூச்சு வேலையில் நாளும் சேர்ந்துகொள்ளும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, எல்லாரும் எல்லா நாளும் நிற்க முடியாது. எனவே பங்கை நாளால் பெருக்கி எழுதுங்கள். 25,000க்கு எடுத்த வேலை, சாரத்து வாடகையும் வண்டிச் செலவும் 1,220 போக மீதி 23,780. முதல் கொத்தனார் 6 நாள் (24 பங்கு), இரண்டாமவர் நாலரை நாள் (18), கையாள் 6 நாள் (18), ஒரு சித்தாள் 6 நாள் (12), இன்னொருவர் 5 நாள் (10). மொத்தம் 82 பங்கு, ஒரு பங்கு 290. முதல் கொத்தனாருக்கு 6,960. இரண்டாமவருக்கும் கையாளுக்கும் ஒரே தொகை, 5,220. இங்கே கொத்தனாருக்கு முகம் வாடும். ஆனால் அவர் நாலரை நாள்தான் வந்தார், கையாள் ஆறு நாளும் நின்றார். நோட்டைக் காட்டிச் சொன்னால் ஒத்துக்கொள்வார். சித்தாள்களுக்கு 3,480, 2,900.

முன்பணத்தில்தான் பெரிய சேதம் நடக்கும். இரண்டாவது கொத்தனார் வாரத்தின் நடுவில் வீட்டுக்காரரிடம் 3,000 வாங்கியிருந்தால், கடைசியில் கைக்கு வருவது 22,000தான். அதில் செலவைக் கழித்துவிட்டுப் பிரித்தால் ஒரு பங்கு 253க்கு இறங்கி, அவர் வாங்கியதை ஐந்து பேரும் சுமப்பீர்கள். 3,000ஐத் திரும்பக் கூட்டி, 290 வீதம் பிரித்து, அவருடைய 5,220இல் மட்டும் கழியுங்கள். அவருக்கு 2,220 கொடுத்தால் போதும்.

விலை பேசும்போது சித்தாள்களை யாரும் கேட்பதில்லை. குறைத்துப் பேசி ஒரு பங்கு 250 ஆகிவிட்டால் அவர்களுக்கு 500தான் கிடைக்கும். அதனால் எங்கள் செட்டில், நாள்கூலியான 600ஐ முதலில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை நாங்கள் 4:3 என்று பிரித்துக்கொள்வோம். சாந்து குழைத்து, சாரம் கட்டவும் உதவுகிற பெண்ணுக்கு 3 பங்குதான் நியாயம். ஒரே வேலைக்கு ஆண், பெண் பார்த்துக் கூலி குறைக்கக் கூடாது என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது.

கையாள் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் கட்டத் தொடங்கினால் அவருக்கு மூன்றரைப் பங்கு கொடுக்கலாம். நாள்கூலி வேலையென்றால் அந்தக் கூடுதல் 150 ரூபாயை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். மொத்த வேலையில் அது உங்கள் எல்லாருடைய பங்கிலிருந்தும் போகும்: 15 பங்கு பதினைந்தரை ஆகும், 300 ரூபாய் 290 ஆகும். அதனால் சனிக்கிழமை வரை காத்திராமல், திங்கள்கிழமை சாந்து குழைப்பதற்கு முன்னாலேயே ஐந்து பேரையும் வைத்துப் பேசி நோட்டில் எழுதிவிடுங்கள்.