“உங்க எம் எனக்குச் சரியா இருக்குமா?”

கேள்வி: ஈரோட்டில் வீட்டில் இருந்தபடியே காட்டன் குர்தி விற்கிறேன். இதுவரை வாட்ஸ்அப்பில்தான் வியாபாரம். இப்போது சொந்தமாக வெப்சைட் போட்டிருக்கிறேன். டெலிவரி, ரிட்டர்ன், சைஸ், பணம் பற்றி ஒரு கேள்வி-பதில் பக்கம் வேண்டும் என்கிறார்கள். பெரிய கம்பெனி தளத்தில் இருப்பதை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் போதாதா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: போதாது. அவர்கள் எழுதியிருப்பது அவர்களுடைய குடோனுக்கும் கூரியருக்கும் ஏற்ற வாக்குறுதி. “வீட்டுக்கே வந்து ரிட்டர்ன் எடுத்துக்கொள்வோம்” என்று நீங்களும் போட்டுவிட்டால், ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் கூப்பிடும்போது யாரை அனுப்புவீர்கள்?

உங்களுக்கு வேண்டிய கேள்விகள் உங்கள் போனிலேயே கிடக்கின்றன. கடைசி இரண்டு மாத சாட்டைத் திறந்து, வாங்குவதற்கு முன்னால் வந்த கேள்விகளையும் பார்சல் கைக்குப் போன பிறகு வந்த புகார்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். “அளவு வழிகாட்டி” என்ற தலைப்பை யாரும் தேடுவதில்லை. “நான் எப்பவும் எம் போடுவேன், உங்க எம் எனக்குச் சரியா இருக்குமா?” என்றுதான் கேட்கிறார்கள். அதுவே தலைப்பாக இருக்கட்டும்.

துணி வியாபாரத்தில் மிக விரிவாக எழுத வேண்டிய பதிலும் இதுதான். “எம் – 38” என்று மட்டும் போட்டால் பாதிப் பேர் அதை உடம்பின் அளவு என்று எடுத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் துணியின் அளவு என்று நினைப்பார்கள். மார்பளவு 38 உள்ளவர், சுற்றளவு சரியாக 38 அங்குலம் உள்ள காட்டன் குர்தியை வாங்கினால் கையைத் தூக்க முடியாது. இழுபடாத துணிக்கு இரண்டு அங்குலமாவது தளர்வு வேண்டும். அதனால் உடம்பின் அளவு, குர்தியின் அளவு என்று இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். கைச்சுற்றையும் மறக்காமல் போடுங்கள். மார்பு சரியாக இருந்தும் கை பிடிக்கிறது என்று திரும்பி வரும் குர்திகள் உண்டு.

அடுத்தது, துவைத்தால் துணி சுருங்குவது. “லேசாகச் சுருங்கலாம்” என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ஒவ்வொரு துணியிலும் ஒரு குர்தியை எடுத்து அளந்து, வாடிக்கையாளர் வீட்டில் எப்படித் துவைப்பாரோ அப்படியே துவைத்து, காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். உதாரணத்துக்கு 46 அங்குல நீளம் 44½ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பதில் இப்படி இருக்கலாம்:

> *உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு குர்தியைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே ஓரத்துக்கு ஓரம் அளந்து பாருங்கள். 19 அங்குலம் வந்தால் இரண்டால் பெருக்குங்கள், 38. எங்கள் எம் குர்தியின் சுற்றளவு இதுதான். மார்பளவு 36 வரை உள்ளவர்களுக்குச் சரியாக இருக்கும். 37 என்றால் எல் எடுங்கள். முதல் துவைப்பில் நீளம் 46-லிருந்து 44½ அங்குலம் ஆகும்.*

உடம்பில் டேப் வைத்து அளக்கச் சொல்வதைவிடப் பழைய குர்தியை அளக்கச் சொல்வது நல்லது. டேப்பை இறுக்கிப் பிடித்தார்களா, தளர்வாகப் பிடித்தார்களா என்ற தகராறே வராது.

ரிட்டர்னில் இரண்டு விஷயங்களைக் கலக்காதீர்கள். கிழிசல், கறை, படத்தில் ஒன்று, பார்சலில் வேறொன்று என்றால் அது உங்கள் தவறு. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, சொந்தத் தளத்தில் விற்பவர் குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க மறுக்க முடியாது. வீட்டிலிருந்து விற்றாலும் தொடர்ந்து வியாபாரமாகச் செய்தால் உங்களுக்கும் இது பொருந்தும். “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று போர்டு மாட்டினாலும் இந்தக் கடமை போய்விடாது. பார்சல் பிரிக்கும் வீடியோ கேட்கலாம், அது உங்களுக்கும் உதவும். ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்தால் கிழிந்த குர்தியை மறுப்பேன் என்று எழுதாதீர்கள்.

சைஸ் சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பது வேறு கதை. அதைத் திரும்ப எடுப்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம், ஆனால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், துவைக்காமல், டேக் அறுக்காமல் இருக்க வேண்டுமா, திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது, மாற்று சைஸ் ஸ்டாக் இல்லை என்றால் பணமா கூப்பனா? “நிபந்தனைகளுக்கு உட்பட்டது” என்று முடிக்கிற பதில்தான் அடுத்த நாள் போனாக வரும்.

டெலிவரியில் “3 முதல் 5 நாள்” என்று எழுதினால், எந்த நாளிலிருந்து என்பது அடுத்த கேள்வி. ஆர்டர் வந்து எத்தனை நாளில் பார்சல் உங்கள் கையை விட்டுப் போகும், அதற்குப் பிறகு கூரியருக்கு எத்தனை நாள் என்று பிரித்து எழுதுங்கள். சொன்ன தேதியைத் தாண்டி வந்த பொருளையும் திரும்ப எடுக்கச் சொல்கிறது அதே விதி. வெள்ளம், புயல் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. தீபாவளிக்கு முந்தைய வாரம் இது உறைக்கும், ஒரு நாள் கூட்டியே எழுதிவிடுங்கள்.

பணம் பற்றிய கேள்விக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பயம். “கேஷ் ஆன் டெலிவரி இருக்கா?” என்று கேட்பவர்களில் பலர் “நீங்க நிஜமான கடைதானா?” என்றுதான் கேட்கிறார்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லி, முகவரி, போன் எண், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண் எல்லாவற்றையும் அங்கேயே போடுங்கள்.

“பணம் போயிடுச்சு, ஆர்டர் வரல” என்பதற்கும் பதில் எழுதி வையுங்கள். யுபிஐ-யில் கணக்கில் கழிந்து கடைக்கு உறுதி வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு. “உடனே மறுபடி பணம் போடாதீர்கள். உங்கள் ஆப்பில் உள்ள 12 இலக்க யுடிஆர் எண்ணை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்” என்று எழுதுங்கள். கூடவே ஒரு வரி: “ரீஃபண்ட் வாங்க யுபிஐ பின் போட வேண்டாம், கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டாம். கேட்டால் அது நாங்கள் இல்லை.” கடையின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் நுழைவது இந்த இடத்தில்தான்.

புகாரைக் கவனிப்பவர் யார் என்று பெயர், எண்ணோடு போடுவதும் சட்டப்படி கட்டாயம். புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரே ஆள் நடத்தும் கடை என்றால் அது நீங்கள்தான்.

அப்புறம், சைஸ் பதிலைக் கேள்வி-பதில் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். குர்தி பக்கத்தில் எம், எல் என்று தேர்ந்தெடுக்கும் பட்டனுக்குக் கீழேயே அந்த அளவுகள் தெரிய வேண்டும். சந்தேகம் வருவது அந்த நொடியில், இன்னொரு பக்கத்துக்குப் போய்ப் படித்துவிட்டு எல்லோரும் திரும்பி வருவதில்லை.