விற்பவர் அனுப்பிய படம் அவருடையதுதானா? கேள்வி பதில்

செல்வி: பழைய ஆக்டிவா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விற்பவர் சேலம். படத்தை கூகுள் லென்ஸில் போட்டேன், அதே படம் எங்கும் இல்லை. அப்படியென்றால் அசல்தானே? படத்தை இணைத்திருக்கிறேன்.

லென்ஸ் அதே மாதிரிப் பொருளைக் காட்டுவதில்தான் கெட்டி. நூறு ஆக்டிவாவைக் காட்டிவிட்டு நீங்கள் தேடும் படத்தைத் தவறவிடும். TinEye தளம் பொருளைப் பார்க்காது, அதே படத்தின் பிரதிகளைத்தான் தேடும்.

அதற்கு முன் சைலன்சரைப் பாருங்கள். ஆக்டிவாவுக்கு அது வலப்பக்கம் இருக்கும், இந்தப் படத்தில் இடப்பக்கம் இருக்கிறது. யாரோ படத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறார்கள். தேடலில் சிக்காமல் இருக்கச் செய்கிற வேலை இது. எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பர் பிளேட்டையும் மறைத்திருக்கிறார்கள். போன் கேலரியிலேயே திரும்பப் புரட்டி, மறுபடி தேடுங்கள். அப்போதும் வராவிட்டால், வண்டிக்குப் பின்னால் உள்ள சுவரையும் கேட்டையும் மட்டும் வெட்டித் தேடுங்கள்.

குமரவேல்: எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தில், எப்போது, எந்த போனில் எடுத்தது என்று படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும் எக்சிஃப் விவரம் எதுவுமே இல்லை. வேண்டுமென்றே அழித்திருக்கிறார், ஏமாற்றுக்காரர்தான்.

அவசரப்பட வேண்டாம். சாதாரணமாகப் படம் அனுப்பினால் வாட்ஸ்அப்பே அந்த விவரங்களை நீக்கிவிடும். அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் கணினியில், அந்த விவரங்களைக் காட்டும் exiftool நிரலை இப்படி இயக்குங்கள்:

```
exiftool -s -time:all -Make -Model -Software photo.jpg
```

FileModifyDate உங்கள் கணினியில் கோப்பு சேமிக்கப்பட்ட நேரமாக இருக்கலாம், அதை விடுங்கள். பார்க்க வேண்டியது படம் எடுத்த நேரத்தைச் சொல்லும் DateTimeOriginal. "நேற்று எடுத்தேன்" என்றவரின் படத்தில் இரண்டு வருடப் பழைய தேதி இருந்தால் காரணம் கேளுங்கள். Software வரியில் போட்டோஷாப் பெயர் இருந்தால், அதில் சேமித்தார்கள் என்று மட்டும்தான் பொருள். வெளிச்சம் கூட்டியிருக்கலாம், கீறலை அழித்தும் இருக்கலாம். ஒன்று, இதே exiftool-ஐ வைத்துத் தேதியை மாற்றவும் முடியும். அதனால் பொருந்தாத தேதி சந்தேகத்துக்கு இடம், பொருந்துகிற தேதி அத்தாட்சி ஆகாது.

நஸ்ரின்: நான் விற்கிறவள். டாக்குமென்டாக அனுப்பினால் என் வீடு இருக்கும் இடம் தெரிந்துவிடாதா?

கேமரா செட்டிங்கில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் தெரியும். அதை அணைத்துவிட்டுப் புதிதாக எடுத்து அனுப்புங்கள். தேதியும் போன் மாடலும் அப்படியே இருக்கும், வாங்குபவருக்கு அது போதும்.

செல்வி: திருப்பித் தேடினேன், கிடைத்துவிட்டது! பழைய விளம்பரம், அதே சுவர், அதே வண்டி, MH 12 நம்பர். கேட்டால், புனேயிலிருந்து வாங்கி வந்தேன் என்கிறார்.

நடக்கக்கூடியதுதான். ஆனால் வண்டி கையில் இருப்பவர் பழைய படத்தைப் புரட்டிப் போட வேண்டிய அவசியம் என்ன? ஆர்.சி.யைக் கேளுங்கள். ஒரு தாளில் உங்கள் பெயரும் இன்றைய தேதியும் எழுதி, மீட்டர் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் வந்தாலும், வண்டியை நேரில் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.